பரிஷெக்கு ஒரு மூட்டை வேர்க்கடலை
சிறு முதலில் சில நாள் வியாபாரம்: ஒரு கணக்கு

யாத்திரிகர்களையும் வேடிக்கை பார்க்க வருவோரையும் நம்பிச் செய்யும் சிறு தொழில்களுக்குப் பொதுவான ஓர் இயல்பு உண்டு. தெருமுனையில் கடை வைத்திருப்பவர் இன்று விற்காததை நாளை அதே வாடிக்கைக்காரரிடம் விற்கலாம். திருவிழாவுக்கு வந்தவரோ நாளை வரமாட்டார். ஆகையால் இத்தகைய வியாபாரத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு விற்கும் என்பதன்று. விற்காமல் மீந்தது இரவில் என்னவாகும் என்பதே. மீந்தது கெட்டுப்போகும் பண்டமானால் போட்ட முதல் போய்விடும். மீந்தது வீட்டில் இருக்கக்கூடிய பண்டமானால் முதல் உருமாறி நிற்கிறதே தவிர அழிவதில்லை. இந்த ஒன்றை விளக்குவதற்கு, பெங்களூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் அனைவரும் அறிந்த ஒரு விழாவையே எடுத்துக்கொள்வோம்.

பசவனகுடியில் நந்தி கோயிலை ஒட்டி ஆண்டுதோறும் நடைபெறும் கடலெகாயி பரிஷெ அது. கன்னடத்தில் பரிஷெ என்றால் கோயிலை ஒட்டிக் கூடும் சந்தை அல்லது திருவிழா. கடலெகாயி என்பது நாம் வேர்க்கடலை என்றும், நிலக்கடலை என்றும், ஆர்க்காட்டுப் பக்கத்தார் மல்லாட்டை என்றும் வழங்கும் அதே பண்டம். பெங்களூரை நிறுவிய கெம்பேகௌடர் 16ஆம் நூற்றாண்டில் எழுப்பியதாகக் கூறப்படும் அக்கோயிலில், ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தி இருக்கிறது. சுங்கேனஹள்ளி முதலான அண்டைக் கிராமத்துக் குடியானவர்களின் கடலைக் கொல்லையை ஒரு காளை இரவுதோறும் மேய்ந்து வந்ததாகவும், அதைச் சாந்தப்படுத்தவே முதல் மகசூலை நந்திக்குப் படைக்கும் வழக்கம் தோன்றியதாகவும் ஒரு கதை வழங்கி வருகிறது. கிராமங்கள் நகரத்துக்குள் கரைந்துவிட்டன, வழக்கம் நிலைத்துவிட்டது. இன்று கோலார், சிக்கபள்ளாபூர், ராமநகரம், தும்கூர் பக்கங்களிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் விவசாயிகளும் வியாபாரிகளும் மூட்டைகளோடு வந்து, புல் டெம்பிள் சாலையின் இருபுறமும் கடலையைக் குவித்து வைக்கிறார்கள்.

நாளை அறிவதில் ஒரு நுட்பம்

பரிஷெ கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை என்று சொல்வார்கள். இதைக் கேட்டு நம் தமிழ்ப் பஞ்சாங்கத்தைப் புரட்டுவோர் ஏமாந்துபோவார்கள். நம்முடைய கார்த்திகை சூரியனைக் கொண்டு கணக்கிடுவது. பெரும்பாலும் நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் நடுவில் முடியும். கன்னடத்தாரின் கார்த்திக மாசமோ தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் பிறந்து அடுத்த அமாவாசையில் முடிவது. அந்த அமாவாசைக்குள் வரும் கடைசித் திங்களே பரிஷெ நாள். இதனால் தேதி ஆண்டுக்கு ஆண்டு வெகுவாக நகரும். 2023இல் டிசம்பர் 11. 2024இல் நவம்பர் 25. 2025இல் நவம்பர் 17. கடையை நடத்த நினைப்பவர் கன்னடப் பஞ்சாங்கத்தைப் பார்த்து நாளைக் குறித்துக்கொள்ளவேண்டும்.

நாள் முன்னதாக வந்தால் வடகிழக்குப் பருவமழை ஓயாத வேளையாக இருக்கும் என்பதையும் நினைவிற் கொள்க. மேலும், பரிஷெ ஒரு நாளோடு முடிவதில்லை. அதற்கு முந்தைய சனி, ஞாயிறுகளிலேயே வியாபாரிகள் இடம்பிடித்து விற்கத் தொடங்கிவிடுகிறார்கள். அண்மை ஆண்டுகளில் விழாவே பல நாட்களுக்கு நீண்டிருக்கிறது. சாலையில் வண்டிப் போக்குவரத்து திருப்பிவிடப்படுவதால், மூட்டையும் பாத்திரமும் சாலை அடைபடுமுன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். கூட்டத்துக்குள் மூட்டை சுமப்பது ஆகாத காரியம்.

ஒரே கடலை, மூன்று சரக்கு

கடலை விற்பவர் ஒரே பண்டத்தை விற்பதாகத் தோன்றும். உண்மையில் அவர் விற்பவை மூன்று: உலர்ந்த கடலை, வறுத்த கடலை, வேகவைத்த கடலை. உலர்ந்ததை வாங்குவோர் வீட்டுக்கு எடுத்துச் செல்வோர். அதில் இலாபம் குறைவு. ஆனால் ஈரம் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். வறுத்தது நடந்துகொண்டே தின்பதற்கு. அதன் மொறுமொறுப்பு ஓரிரு நாளில் குறைந்துவிடும். வேகவைத்தது மூன்றிலும் மிகுந்த இலாபம் தருவது. ஆனால் அன்றிரவோடு அதன் ஆயுள் முடிந்தது. விரல்களுக்கிடையே தேய்த்தால் பிசுபிசுத்து நூல் இழுத்தாலும், புளித்த வாடை வீசினாலும், அதை யாருக்கும் கொடுத்தல் கூடாது.

இலாபமும் கெடும் வேகமும் ஒன்றாகவே ஏறுகின்றன என்பதை இதில் காணலாம். ஆகவே வியாபாரியின் சாமர்த்தியம், எந்த நேரத்தில் எவ்வளவு கடலையை ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மாற்றுவது என்பதில் அடங்கியிருக்கிறது. வறுத்ததை மறுபடி பச்சையாக்க முடியாது. வேகவைத்ததை உலர்த்திச் சரக்காக்கவும் முடியாது. ஆனால் வேகவைக்காத புதுக்கடலையை நிழலிலும் வெயிலிலும் பரப்பி உலர்த்தினால் அது உலர்ந்த சரக்காகிவிடும். பின்வரும் கணக்கு முழுவதும் இந்த உண்மையின்மேல்தான் நிற்கிறது.

வாங்கும்போது

புதுக்கடலையையும் உலர்ந்த கடலையையும் பிரித்தறிவது எளிது. ஒரு காயைக் காதருகே ஆட்டினால், உலர்ந்தது உள்ளே கலகலக்கும். புதியது ஓசை தராது. முற்றியதா என்பதை அறிய ஓட்டை உடைத்து உட்புறம் பார்க்கவேண்டும். உட்புறம் கருமையோ பழுப்போ படிந்திருந்தால் காய் முற்றியது; வெண்மையாக இருந்தால் பிஞ்சு. பிஞ்சு வறுக்கும்போது சுருங்கிப் பொய்யாகிவிடும். மூட்டையின் மேல்வாயில் இருப்பதை மட்டும் பார்த்து விலை பேசுதல் தவறு. கையை நடு மூட்டைக்குள் விட்டு எடுத்த இருபது காய்களை உடைத்துப் பார்க்க வேண்டும்.

பூஞ்சணம் பிடித்த கடலை விஷயத்தில் இரக்கமே கூடாது. ஈரத்தோடு கட்டிவைத்த கடலையில் ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. கல்லீரலைக் கெடுக்கும் அந்நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுவதும் நீங்குவதில்லை. பச்சையோ கருமையோ பூத்த பருப்பு, சுருங்கி நிறம் மாறிய பருப்பு, மக்கிய வாடை, கசப்பு ஆகியவை கண்டால் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். சரக்கை வீட்டில் வைக்கும்போது சாக்கு மூட்டையில் வைத்துத் தரையில் படாமல் பலகைமேல் நிறுத்துக. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளே வேர்த்துக் கெட்டுவிடும்.

வறுத்தலும் வேகவைத்தலும்

வறுப்பதற்கு வேண்டியவை இரும்புச் சட்டி, கம்பிச் சல்லடைக் கரண்டி, சலித்துக் கழுவி உலர்த்திய ஆற்றுமணல், அடுப்பு ஆகியவை. வெறுஞ்சட்டியில் வறுத்தால் சட்டியைத் தொட்ட பக்கம் கருகும், மற்றப் பக்கம் பச்சையாக நிற்கும். மணல் சூட்டை எல்லாப் பக்கமும் சமமாகக் கொண்டு சேர்க்கிறது. மணல் நன்றாகச் சூடேறிய பிறகே கடலையைப் போட வேண்டும். ஒரு தடவைக்கு 2 கிலோவுக்கு மேல் போடாமல் இடைவிடாது கிளறினால் 10 முதல் 15 நிமிடத்தில் வறுபடும். ஒரு காயை உடைத்துப் பார்த்து, பருப்பின் செந்தோல் விரலால் தேய்த்தவுடன் கழன்று, உள்ளே இளம் பொன்னிறம் தெரிந்தால் உடனே சல்லடையில் அள்ளிவிட வேண்டும். சட்டியிலேயே நல்ல நிறம் வரட்டும் என்று காத்திருப்போர் கருகிய கடலையையே பெறுவர். ஓட்டுக்குள் அடைபட்ட சூடு சட்டியை விட்டு எடுத்த பின்னும் சிறிது நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும்.

வேகவைப்பதற்குப் புதுக்கடலையே ஏற்றது. மண் நீங்க மூன்று தண்ணீரில் அலசி, மூழ்கும் அளவு நீர் விட்டு, லிட்டருக்கு 25 கிராம் வீதம் உப்பிட்டு முக்கால் மணி நேரம் வேகவைக்க வேண்டும். பின்னர் அடுப்பை அணைத்து, அந்த உப்புநீரிலேயே அரை மணி நேரம் ஊறவிடுதல் முக்கியமானது. உப்பு ஓட்டைக் கடந்து பருப்பில் ஏறுவது இந்த ஊறலில்தான். உலர்ந்த கடலையை வேகவைக்க நேர்ந்தால் இரவு முழுவதும் ஊறவைத்து, ஏறத்தாழ இருமடங்கு நேரம் வேகவைக்க வேண்டும். எரிபொருள் செலவு அதற்கேற்ப ஏறும்.

எரிபொருளைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்கு மானிய முறையில் தரும் சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்துதல் சட்டத்துக்கு மாறானது. சந்தை விலையில் கிடைக்கும் 5 கிலோ சிறு சிலிண்டர் இத்தகைய காரியத்துக்குப் போதுமானது. கூட்டம் நெரியும் இடமாதலால் அடுப்பைக் கடையின் முன்புறத்தில் வையாமல், முதுகுப் பக்கத்தில் சுவரோரமாக வைத்துக்கொள்வது உத்தமம்.

படியும் தராசும்

பரிஷெயில் பெரும்பாலோர் படியால் அளந்தே விற்கின்றனர். பழைய சேர் என்னும் பெயரை இன்றும் அங்கே கேட்கலாம். சட்டப்படி செல்லுவது லிட்டரும் கிலோவுமே. அளவையிலும் தராசிலும் அரசாங்க முத்திரை இருத்தல் வேண்டும். ஓட்டோடு கூடிய உலர்ந்த கடலை லிட்டருக்குக் கால் கிலோவுக்குச் சற்று அதிகமாக நிற்கும். காயின் பருமனைப் பொறுத்து இது மாறுவதால், மூட்டை வாங்கிய அன்றே தம் படியில் ஒரு தடவை அளந்து நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கிலோவில் வாங்கிப் படியில் விற்பவர் இதைச் செய்யாவிட்டால், தாம் இலாபத்தில் விற்கிறோமா நஷ்டத்தில் விற்கிறோமா என்பதையே அறியமாட்டார்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. உலர்ந்த கடலையை வறுக்கும்போது நீர் வற்றி, கிலோவுக்கு 80 கிராம் அளவில் எடை குறையும். ஆனால் ஓட்டின் பருமன் குறைவதில்லை. எனவே படியால் விற்பவருக்கு வறுவலில் குறைவு தெரியாது. நிறுத்து விற்பவர் அந்தக் குறைவை விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாங்குவோருக்கும் இதில் வஞ்சனை ஒன்றுமில்லை. பருப்பின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே.

ஒரு குடும்பத்தின் கணக்கு

கணவனும் மனைவியுமாக இருவர், ஞாயிறு மாலையும் திங்கள் முழுவதுமாக இரண்டு நாள் கடை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். விலைகள் ஆண்டுதோறும் மாறுவன. ஆகவே இங்கே கூறுபவை கணக்கு முறையைக் காட்டுவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. வாசகர்கள் தம் காலத்து விலையை அதில் பொருத்திப் பார்க்கலாம்.

உலர்ந்த கடலை 40 கிலோ, கிலோ 80 ரூபாய் வீதம் 3,200 ரூபாய். புதுக்கடலை 20 கிலோ, 60 ரூபாய் வீதம் 1,200 ரூபாய். வண்டிக்கூலி 400, எரிபொருள் 600, காகித உறைகள் 200, உப்பு 50, இடத்துக்கும் சில்லறைச் செலவுக்கும் 350. ஆக மொத்தம் 6,000 ரூபாய். சட்டி, அடுப்பு, தராசு, தார்ப்பாய் முதலியவற்றுக்குத் தனியே 5,000 ரூபாய் ஆகலாம். அது ஒரு தடவை வாங்குவது. பொறுக்கி எறிந்ததில் உலர்ந்ததில் 2 கிலோவும் புதியதில் 1 கிலோவும் கழிய, 38 கிலோவும் 19 கிலோவும் கையில் நிற்கும். விற்பனை விலையை வறுத்ததற்கும் வேகவைத்ததற்கும் 100 கிராம் 20 ரூபாய், அதாவது கிலோ 200 ரூபாய் என்றும், உலர்ந்ததற்குக் கிலோ 120 ரூபாய் என்றும் கொள்வோம்.

முதலில் நல்ல நாளைப் பார்ப்போம். வறுத்தது 18 கிலோவும் (அதற்கு 20 கிலோ உலர்ந்த கடலை செலவாகும்), வேகவைத்தது 19 கிலோவும், உலர்ந்தது 18 கிலோவும் முழுவதும் விற்றுவிட்டன. வரவு முறையே 3,600, 3,800, 2,160; மொத்தம் 9,560 ரூபாய். செலவு போக 3,560 ரூபாய் மிஞ்சும். இருவர் இரண்டு நாள் உழைப்புக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 890 ரூபாய்.

இனி நடுத்தரமான நாள். வறுத்ததில் 16 கிலோவும், வேகவைத்ததில் 15 கிலோவும், உலர்ந்ததில் 8 கிலோவும் விற்றன. வரவு 3,200, 3,000, 960. மொத்தம் 7,160 ரூபாய். மிச்சம் 1,160 ரூபாய்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு 290 ரூபாய். இது கூலி வேலைக்குப் போனால் கிடைப்பதைவிடக் குறைவு. 10 கிலோ உலர்ந்த கடலை வீட்டுக்கு வருவது ஒரு சிறு ஆறுதல். வேகவைத்த 4 கிலோ குப்பைக்குப் போகிறது.

மூன்றாவதாக மழை நாள். வறுத்தது 8 கிலோ, வேகவைத்தது 6 கிலோ, உலர்ந்தது 4 கிலோ மட்டுமே விற்றன. வரவு 1,600, 1,200, 480, மொத்தம் 3,280. கைப்பணத்தில் 2,720 ரூபாய் குறைகிறது. காலையிலேயே எல்லாவற்றையும் வறுத்தும் வேகவைத்தும் முடித்துவிட்டவருக்கு இக்குறைவில் பெரும்பகுதி மீளாத நஷ்டம். ஆனால் கூட்டத்தைப் பார்த்துச் சிறிது சிறிதாகச் சட்டியில் போட்டவர் நிலைமை வேறு. அவர் வறுத்தது 9 கிலோ, வேகவைத்தது 7 கிலோ மட்டுமே. அவரிடம் உலர்ந்த கடலை 25 கிலோ இருக்கிறது. வாங்கிய விலைப்படி அதன் மதிப்பு 2,000 ரூபாய். மீந்த புதுக்கடலை 12 கிலோவைப் பரப்பி உலர்த்தினால் சுமார் 7 கிலோ தேறும். மதிப்பு 560 ரூபாய். ஆகச் சரக்காக 2,560 ரூபாய் நிற்க, உண்மையில் போனது 160 ரூபாயும் இருவர் உழைப்புமே. ஒரே மழை, ஒரே கூட்டம், ஒரே முதல். வேறுபாடு, எப்போது அடுப்பில் வைத்தார்கள் என்பதில் மட்டுமே.

எனவே முறை இவ்வாறு அமைதல் வேண்டும். காலையில் பூஜைக்கு வருவோருக்காக வறுத்தது 2 கிலோவும் வேகவைத்தது 3 கிலோவும் போதும். நண்பகலில் கூட்டம் இளைக்கும். அப்போது மேலும் வறுக்கலாகாது. அலுவலகங்கள் விட்டு ஜனங்கள் திரளும் மாலை வேளைக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக வேகவைக்கும் பாத்திரத்தை ஏற்ற வேண்டும். இரவு 8 மணிக்கு மேல், விற்கும் வேகம் எதுவாயினும், புதிதாக வேகவைத்தல் கூடாது. மீந்ததை வறுத்து முடிப்போம் என்ற ஆசையும் இரவில் வரும். அதை அடக்கிக்கொள்வதே இலாபம்.

கடை நிற்கும் இடம்

கோயிலுக்குப் போகும் வழியில் இருப்போர் கையில் சுமையை விரும்பமாட்டார்கள். தரிசனம் முடித்துத் திரும்புவோரே வீட்டுக்குக் கடலை வாங்குகிறார்கள். ஆகையால் போகும் பக்கத்தில் இடம் கிடைத்தால் வறுத்ததையும் வேகவைத்ததையும் சிறு பொட்டலங்களாக முன்னால் வைக்க வேண்டும். திரும்பும் பக்கத்தில் கிடைத்தால் உலர்ந்ததைக் குவித்துப் படியை மேலே நிறுத்த வேண்டும். உறைக்குப் பிளாஸ்டிக் பை வேண்டாம். 2016 முதல் கர்நாடகத்தில் அது தடைசெய்யப்பட்டிருக்கிறது. அச்சடித்த பழைய செய்தித்தாளில் ஈரமான வேகவைத்த கடலையைச் சுற்றுவதும் தகாது. மை பண்டத்தில் ஏறும். வெற்றுப் பழுப்புக் காகித உறையே நல்லது.

கன்னடத்தில் மூன்று சொற்களையாவது கடையில் நிற்பவர் அறிந்திருக்க வேண்டும். ஹசி என்றால் பச்சை, ஹுரித என்றால் வறுத்த, பேயிசித என்றால் வேகவைத்த. வாங்க வருவோர் கன்னடத்தில் கேட்கும்போது அம்மொழியிலேயே விடை கூறுவது மரியாதை, வியாபாரத்துக்கும் நன்மை.

தெருவோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. அதன்படி நகர வியாபாரக் குழுவின் வழியாகச் சான்றிதழ் பெறலாம். விழா நாட்களில் இடம் ஒதுக்குவது பற்றி மாநகராட்சியிடமும் கோயிலை நிர்வகிக்கும் அறநிலையத் துறையிடமும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். உணவுப் பண்டம் விற்போர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுதலும் அவசியம். சிறு வியாபாரிகளுக்கு உரிமம் வேண்டுவதில்லை, பதிவே போதும்.

கடன் வாங்கலாமா?

இத்தொழிலுக்குத் தண்டல்காரரிடம் கடன் வாங்குவது பற்றி நம் அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். 6,000 ரூபாய்க்கு நூற்றுக்குப் பத்து முன்பிடித்துக்கொண்டு 5,400 ரூபாய் கையில் தந்தால், நடுத்தர நாளின் மிச்சமான 1,160 ரூபாயில் 600 ரூபாய் வட்டிக்கே போய்விடும். பாதிக்கு மேல் அவருக்கு உழைத்ததாகும். மழை நாளானாலோ, முதல் சரக்காக நிற்கும்போதும் தண்டல் நாள்தோறும் வாசலில் வந்து நிற்கும். பாதி விலைக்குச் சரக்கைத் தள்ள நேரிடும். உருமாறி நிற்கும் முதலுக்குப் பொறுமை வேண்டும். தினக்கடன் அந்தப் பொறுமையை அனுமதிப்பதில்லை. சான்றிதழ் பெற்ற தெருவோர வியாபாரிகளுக்காக 2020இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வநிதித் திட்டத்தில் வங்கி வழியே ஈடின்றிக் கடன் கிடைக்கிறது; ஒழுங்காகத் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஆண்டு முழுவதும் விற்போருக்கு அது உதவும். ஓரிரு விழாவுக்கு மட்டும் கடை போடுவோர், கைப்பணத்துக்கு அடங்கும் சரக்கோடு, அது 10 கிலோவே ஆனாலும், தொடங்குதலே நன்று.

மற்ற நாட்கள்

நடுத்தர நாளின் மிச்சம் 1,160 ரூபாய் என்று கண்டோம். அப்படியானால் பாத்திரத்துக்கும் தராசுக்கும் போட்ட 5,000 ரூபாயை ஒரு பரிஷெ திருப்பித் தராது. அச்சட்டி வேறு நாட்களிலும் சூடேற வேண்டும். பெங்களூரில் அதற்கு இடமில்லாமல் இல்லை. மல்லேஸ்வரத்தில் காடு மல்லேஸ்வரர் கோயில் அருகிலும் ஒரு கடலைப் பரிஷெ நடக்கிறது. கன்னடத்தாரின் சைத்ர மாசப் பௌர்ணமியை ஒட்டித் தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் கரகத்தின் இரவில் பழைய பேட்டைத் தெருக்கள் விடியும்வரை விழித்திருக்கும். சிவாஜிநகர் மரியன்னை ஆலயத்தில் செப்டம்பர் 8ஆம் தேதித் திருவிழாவுக்கு நம் தமிழ் மக்கள் பெருந்திரளாகக் கூடுகின்றனர். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி லால்பாகில் மலர்க்காட்சி நடக்கிறது. தோட்டத்துக்குள் கடை வைக்கத் தோட்டக்கலைத் துறையின் அனுமதி வேண்டும்.

ஆனால் ஒவ்வோரிடத்திலும் மூன்று சரக்கின் விகிதம் மாறும் என்பதை மறத்தலாகாது. பரிஷெக்கு வருவோர் கடலைக்காகவே வருகிறார்கள். உலர்ந்ததையும் படிக்கணக்கில் வாங்குவார்கள். கரக இரவிலும் மலர்க்காட்சியிலும் உலர்ந்ததை வாங்குவார் அரிது. அங்கே கையில் கொறிக்கும் பொட்டலமே செல்லும். செப்டம்பரில் மழையும் குளிரும் கலந்திருக்கும். சூடான வேகவைத்த கடலைக்கு மவுசு உண்டு, ஆனால் மானாவாரிப் புதுக்கடலை அப்போது இன்னும் பெரும்பாலும் நிலத்திலேயே இருக்கும். ஊறவைத்து வேகவைக்கும் செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மேற்கண்ட கணக்கைக் கொண்டு பார்த்தால், நிலையான கூலியையோ சம்பளத்தையோ விட்டுவிட்டு இதில் இறங்குதல் தகாது என்பது விளங்கும். விடுமுறை நாளில் வீட்டில் இரண்டு கைகள் சும்மா இருக்கும் குடும்பத்துக்கு இது ஏற்றது. அத்தகையோர் முதல் ஆண்டில் ஒரு சிறு நோட்டை உடன் வைத்துக்கொண்டு, எந்த மணியில் எது எவ்வளவு விற்றது, இரவில் எது எவ்வளவு மீந்தது என்று எழுதிவர வேண்டும். அடுத்த ஆண்டு எத்தனை கிலோ வாங்குவது, எந்த மணியில் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவது என்பதை அந்த நோட்டே சொல்லும். நம் அங்கத்தினர்களில் யாரேனும் வரும் பரிஷெயில் கடை நடத்தினால், தம் வரவு செலவை நம் மாத இதழுக்கு எழுதியனுப்ப வேண்டுகிறோம். நாம் வைத்துக்கொண்ட விலைகளின் இடத்தில் மெய்யான விலைகளை இட்டு, பிற குடும்பங்களுக்குப் பயன்படுமாறு வெளியிடுவோம்.